“Delivered” என்று காட்டுது, பார்சல் கைக்கு வரல்ல

“நேற்றுப் பின்னேரம் 5.40க்கு Delivered என்று காட்டுது. வீட்டில ஆள் இருந்தது, ஒருத்தரும் வரல்ல. இடம் கல்லடி. என்ன செய்ய?”

தங்கச்சி, அந்தச் சொல், பார்சல் கொண்டுவந்தவர் போனில் ஸ்கேன் பண்ணினதைத்தான் சொல்லுது. அன்றைய கணக்கை முடிக்க, வழியிலேயே சிலர் அதை அழுத்திவிடுவார்கள். பொருள் மறுநாள் வரும். இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். கூரியர் கிளைக்கு அழைத்து, “யார் கையொப்பம் வைத்தது, படம் இருக்கா?” என்று கேட்டேன். சந்திக் கடைக்காரர் பெயர் வந்தது, பார்சலும் அங்கேயே கிடந்தது.

முதலில் வீட்டாரிடமும் அயலிலும் கேளுங்கள். பிறகு கிளையிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திராமல், திரையைப் படமெடுத்து விற்றவருக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள். முறையிடும் காலம் பெரும்பாலும் அந்த Delivered திகதியில் இருந்தே ஓடும். “பொருள் கிடைத்தது” பொத்தானை மட்டும் அழுத்தவேண்டாம்.