‘ஷாக் தேவையில்லை’ என்று கருவி சொன்ன பிறகு

“மயங்கி விழுந்தவருக்கு மூச்சில்லை. இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவியை ஒட்டியதும் ‘ஷாக் தேவையில்லை’ என்றது. இனி மார்பை அழுத்துவதை நிறுத்திவிடலாமா?”

நிறுத்தக் கூடாது, அவர் அசையவோ இயல்பாக மூச்சுவிடவோ தொடங்காதவரை உடனே அழுத்தத்தைத் தொடருங்கள். அந்தக் கருவி உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, மின் அதிர்ச்சியால் மாற்றக்கூடிய இதயத் தாளமா என்று மட்டுமே பார்க்கிறது. இதயக் கீழறைகளின் ஒழுங்கற்ற நடுக்கத்தையும் நாடியற்ற மிகைவேகத் துடிப்பையும் அதிர்ச்சி அடக்கி, இயல்பான தாளம் திரும்ப வழிவிடும். மின்னோட்டமே நின்றுபோன இதயத்திலும், மின்னலைகள் இருந்தும் நாடி எழாத இதயத்திலும் அது பயன்படாது. அங்கே தேவைப்படுபவை ரத்த ஓட்டம், அட்ரினலின், மூச்சுத்திணறல் அல்லது ரத்தப்போக்கு போன்ற மூலகாரணத்துக்கான சிகிச்சை.

மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும்போது மூளைக்கு ரத்தம் செல்கிறது. இதயத் தசைக்கோ, பெரும்பாலும் மார்பு மேலெழும் கணத்தில், மகாதமனியின் அழுத்தம் வலது மேலறையின் அழுத்தத்தை விஞ்சும்போதுதான் ரத்தம் கிடைக்கிறது. கையை முழுதாகத் தளர்த்தாமல் மார்பின்மேல் சாய்ந்திருந்தால் அந்த வேறுபாடு குறைந்துவிடும். பலரும் கவனிக்காத பிழை இதுவே. மேலும், அவ்வேறுபாடு பலமுறை தொடர்ந்து அழுத்தும்போது மெல்ல உயர்ந்து, நிறுத்தினால் சில நொடிகளில் சரிந்துவிடும்.

நீரில் மூழ்கியவர் ஒருவரை எண்ணிப்பாருங்கள். கருவியின் முதல் ஆய்வில் இதயம் அசைவற்றிருக்கிறது. செயற்கைச் சுவாசத்துடன் 2 நிமிடம் அழுத்திய பின், அடுத்த ஆய்வில் நடுக்கம் தென்படலாம். இப்போது கருவி அதிர்ச்சி தரச் சொல்லும். கொடுத்த மறுகணமே, நாடி பார்க்க நிற்காமல், மீண்டும் 2 நிமிடம் அழுத்த வேண்டும், ஏனெனில் தாளம் திரும்பினாலும் தசை உடனே வலுவாகச் சுருங்குவதில்லை.