மயில் விரட்டும் கருவியும் லேப்டாப் கேமும்: எதை வாங்கலாம்?

கேள்வி: அண்ணா, ஊர் கொழிஞ்சாம்பாறை, கோவையில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கையில் கிடைப்பதை வைத்து எதையாவது செய்துகொண்டே இருப்பேன். போன மாதம் பழைய வைப்பர் மோட்டாரில் கடலைக்காட்டுக்கு மயில் விரட்ட, தகரம் தட்டும் கருவி செய்தேன். கிராங்க் 5 அங்குலம், நடுத் தண்டு 6, தட்டும் கை 5, இரண்டு அச்சுக்கும் இடையே 7. பாதிச் சுற்றில் மாட்டிக்கொண்டு மோட்டார் சூடாகிறது. இந்த மாதிரி விஷயங்களைச் செய்து பார்க்க பீசீஜ், பாலி பிரிட்ஜ், ஓபஸ் மேக்னம் என்ற மூன்று கேம்களில் எதை வாங்கலாம்? லேப்டாப்பில் 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

பதில்: தம்பி, காசை இன்னும் எடுக்காதே. உன் கருவி ஏன் மாட்டுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க அந்த மூன்றும் தேவையில்லை, இலவசமாகக் கிடைக்கும் ஆல்கோடூ போதும். தேடும்போது Algodoo என்று அடி. ஸ்வீடனில் ஒரு மாணவர் பல்கலைக்கழகப் படிப்புக்காகச் செய்த ப்ராஜெக்டிலிருந்து வளர்ந்த மென்பொருள் இது, இருபரிமாணம்தான், அதனால் உன் லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும்.

முதலில் புவியீர்ப்பை அணைத்துவிடு, இல்லாவிட்டால் எல்லாம் கீழே விழுந்து குழப்பும். கிரிட்டைப் போட்டுக்கொண்டு மூன்று நீளமான பெட்டிகள் வரை. கிராங்க் 5, நடுத் தண்டு 6, கை 5, அங்குலத்துக்குப் பதில் மீட்டர் என்று வைத்துக்கொள். இங்கே நிறையப் பேர் தவறுவது ஒன்று உண்டு: பெட்டியின் மொத்த நீளம் கணக்கில்லை, ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரை உள்ள தூரம்தான் கணக்கு. ஹின்ஜ் வைக்கும்போது அடியில் வேறு பெட்டி இல்லையென்றால் அது பின்னணியோடு பிணைந்துகொள்ளும், அதுதான் உன் அடித்தளம். அந்த இரண்டு அச்சுகளையும் 7 தள்ளி வை. கிராங்கின் ஹின்ஜில் வலது கிளிக் செய்து Motor-ஐ டிக் பண்ணு, ஓட விடு.

காட்டில் நடந்ததுதான் திரையிலும் நடக்கும். கொஞ்சம் சுற்றும், திணறும், நிற்கும். கிராங்கின் நுனி தட்டும் கையின் அச்சுக்கு நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் 7-ம் 5-ம் சேர்ந்து 12 தூரம் எட்ட வேண்டும், ஆனால் நடுத் தண்டையும் கையையும் ஒரே கோடாக நீட்டினாலும் 11 தான் வரும். அந்த ஒரு அங்குலம் எங்கிருந்து வரும்? மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் வராது, அதனால்தான் சூடாகிறது. உன் பாடப்புத்தகத்தில் இது கிராஷாஃப் விதி என்ற பெயரில் இருக்கும்: மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டினால் மற்ற இரண்டின் கூட்டலைத் தாண்டக் கூடாது. உன்னுடையது 5 + 7 = 12, அந்தப் பக்கம் 5 + 6 = 11.

இப்போது கிராங்கை மட்டும் 2 ஆக்கு. 2 + 7 = 9, தாராளம். முழுச் சுற்று சுற்றும், கை சுமார் 48 டிகிரி போய்வரும், தகரம் தட்ட இது போதும். 3 வைத்தாலும் ஓடும், வீச்சு அதிகமாகும். ஆனால் 4-ஐக் கட்டாயம் போட்டுப் பார், பார்க்க வேண்டியதே அதுதான். 4 + 7 = 11, இரண்டு பக்கமும் சமம். ஒரு இடத்தில் நடுத் தண்டும் கையும் ஒரே கோடாகிவிடும், அங்கிருந்து கை எந்தப் பக்கம் மடங்கும் என்று சொல்லவே முடியாது, ஒரு சுற்றில் இப்படி, அடுத்த சுற்றில் அப்படி. கணக்கில் 'சமம் என்றால் பரவாயில்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்போம், நிஜக் கருவியில் கொஞ்சம் தேய்ந்த போல்ட் இருந்தால் அதுவே தகராறு. நடுத் தண்டில் ட்ரேசர் ஒன்றை ஒட்டிவிட்டால் அது போகும் பாதையும் கோடாக விழும், அந்த வளைவை நோட்டில் புள்ளி புள்ளியாக வரைய எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. தண்டுகள் ஒன்றோடொன்று மோதி நின்றால் அது வேறு கோளாறு, மோதும் அடுக்கை மாற்றிவிட்டால் சரியாகும். நீளத்தால் நிற்கிறதா, மோதி நிற்கிறதா என்பதை இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். ஓபஸ் மேக்னம் எனக்கு மிகவும் பிடித்த கேம், ஆனால் உனக்கு இப்போது வேண்டாம். அதில் கைகள், தண்டவாளம் எல்லாம் இருந்தாலும் எடை கிடையாது, விசை கிடையாது. எந்தக் கை எப்போது பிடிக்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று வரிசை போடுவதுதான் ஆட்டம், முடித்தபின் செலவு, சுற்றுகள், இடம் என்று மூன்று கணக்கு காட்டும். கன்ட்ரோல் பக்கம் ஆர்வம் வரும்போது வாங்கிக்கொள். பாலி பிரிட்ஜ் நல்ல கேம், எந்தக் கம்பியில் எவ்வளவு சுமை என்று நிறத்தில் காட்டும், ட்ரஸ் கணக்கு போடும் பிள்ளைக்கு உதவும். ஆனால் அதில் மரக்கம்பியும் இரும்புக்கம்பியும் நேராகவே இருந்து ஒடியும், அழுத்தத்தில் மெல்லிய கம்பி பக்கவாட்டில் வளைந்து போகும் பக்லிங்கை அதில் எதிர்பார்க்காதே. அப்புறம் அதில் பெரும்பாலும் பாலம்தான், கருவி இல்லை.

உன் கைக்கு பீசீஜ். சக்கரம், பல்சக்கரம், ஸ்பிரிங், திருப்பும் ஹின்ஜ் எல்லாவற்றையும் கட்டை கட்டையாகப் பிணைத்து வண்டியோ கவண் பொறியோ செய்து ஓட்டலாம். ஒன்று தெரிந்துகொண்டு வாங்கு: கட்டைகளுக்கு இடையே உள்ள பிணைப்பு இறுக்கமானதல்ல, கொஞ்சம் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். முதல் வண்டி ஆடி ஆடி உதிர்ந்துபோகும், மூலைக்கு மூலை பிரேஸ் போட்டால்தான் நிற்கும். கட்டைகளின் அளவும் பெரும்பாலும் கட்டுக்குள்தான், 4.2 அங்குலத் தண்டு மாதிரி நுணுக்கமாக முயல முடியாது, அதற்கு ஆல்கோடூதான்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அவ்வளவு கவலைப்படாதே. இந்த வகை கேமில் திணறுவது பெரும்பாலும் பிராசசர்தான், கட்டைகள் கூடக்கூட ஒவ்வொரு பிணைப்பையும் அதுதான் கணக்குப் போட வேண்டும். ஸ்டீமில் வாங்கினால், வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை முதல் லெவல்களில் செலவழித்துவிடாதே, அவை எந்த லேப்டாப்பிலும் ஓடும். நேரே சாண்ட்பாக்சுக்குப் போய் நூறு கட்டைக்கு மேல் ஒரு வண்டியைக் கட்டி ஓட்டிப் பார். படம் தெளிவாக இருந்தும் அசைவு மட்டும் மெதுவாகிறது என்றால் பிராசசர் தாங்கவில்லை என்று அர்த்தம், படத் தரத்தைக் குறைத்துப் பயனில்லை, திருப்பிக் கொடுத்துவிடு. கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் சேரும், மூடிவிட்டுப் போ.

விலை குறைவு என்று வேறு தளத்தில் கீ வாங்காதே. நான் ஒருமுறை வாங்கினேன், சில வாரத்தில் அது ரத்தாகிவிட்டது, விற்றவரிடம் எழுதி எழுதிப் பதிலே இல்லை. வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீமின் அந்த 14 நாள் விதி செல்லாது. அவசரமில்லை என்றால் ஜூன் கடைசியிலோ டிசம்பர் கடைசியிலோ வரும் தள்ளுபடிக்குக் காத்திரு, அதுவரை ஆல்கோடூவிலேயே நிறைய வேலை இருக்கிறது.

கருவிக்கு: கிராங்க் தகட்டில் அச்சிலிருந்து 2 அங்குலத்தில் இன்னொரு துளை போட்டு தண்டை அங்கே மாற்று, மீதி எதையும் தொடாதே. மோட்டாரை இணைக்குமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடு.