கோபம் தீர்ந்த பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

காவிய நாயகனை அவனிடமுள்ள ஒரே ஒரு குறைதான் அழிக்கிறது என்று கல்லூரியில் படித்தேன். அக்கிலீஸுக்குக் கோபம், துரியோதனனுக்கு ஆணவம், கர்ணனுக்குச் செஞ்சோற்றுக்கடன். சென்ற மாதம் அக்கிலீஸின் கதையான ஹோமரின் இலியட்டை மொழிபெயர்ப்பில் முழுதாக வாசித்தேன். கோபத்தைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் அவன் நண்பன் பட்ரோக்லஸ் செத்திருக்க மாட்டானே என்ற எரிச்சல்தான் மிஞ்சியது. இந்த ஒரு குணத்துக்கா இவ்வளவு பெரிய காவியம்? நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் நாயகனுக்கு எந்தக் குறையை வைப்பது என்று தெரியவில்லை. சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் இலியட்டின் 16-ஆம் சருக்கத்தில் இருந்தேன். அதனால்தான் உடனே பதில். இல்லையென்றால் மூன்று மாதம் கிடந்திருக்கும்.

முதலில் திட்டிவிடுகிறேன். அடக்கியிருந்தால் என்கிறீர்களே, அவன் அடக்கத்தான் செய்கிறான். அதுவும் முதல் சருக்கத்திலேயே. டிராயை முற்றுகையிட்ட கிரேக்கப் படையின் தலைவன் அகமெம்னன் சபை நடுவில், ‘கொள்ளையில் உன் பங்காக வந்த பெண் ப்ரிசேயிஸை நான் எடுத்துக்கொள்வேன்’ என்கிறான். அக்கிலீஸின் வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்துவிடுகிறது. பின்னாலிருந்து தேவி அதீனா அவன் முடியைப் பிடித்து இழுக்கிறாள். வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. இந்த அவமானத்துக்கு ஈடாக ஒருநாள் மூன்று மடங்கு பரிசு வரும், இப்போது வாயால் வேண்டுமானால் திட்டிக்கொள் என்கிறாள். அவன் வாளை உள்ளே தள்ளிவிடுகிறான். அவ்வளவு கொதிப்பில், அரசனை வெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, கையைக் கட்டுப்படுத்திய ஆள் அவன். இதை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

அடங்காதது வாய்தான். கையிலிருந்த செங்கோலின் மேல் ஆணையிடுகிறான். மரத்திலிருந்து வெட்டிய இந்தக் கோல் இனி எப்படித் துளிர்க்காதோ, அப்படித்தான் என் சொல்லும். ஒருநாள் அக்கிலீஸ் இல்லையே என்று நீங்கள் எல்லாரும் ஏங்குவீர்கள். சொல்லிவிட்டுக் கோலைத் தரையில் வீசுகிறான், போரிலிருந்து ஒதுங்கிவிடுகிறான். என் வாசிப்பில் அழிவு தொடங்கும் இடம் அந்தக் கோல்.

‘குறை’ என்ற சொல்லைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அரிஸ்டாட்டில் சொன்னது ஹமார்தியா. அவர் அதை மேடை நாடகத்தை வைத்துச் சொன்னார், உதாரணமாகக் காட்டியது ஈடிபஸை. குறி தவறுவது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போவதற்கு ஹோமரே அதன் வினைச்சொல்லைத்தான் போடுகிறார். ஆக, குறை என்பது பிறக்கும்போதே உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்த மச்சம் இல்லை, ஒரு தருணத்தில் நடக்கும் தவறு. உங்கள் கல்லூரி அதை மச்சமாக்கிக் கொடுத்துவிட்டது. கர்ணனை விடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம்.

இப்போது 9-ஆம் சருக்கம். போரில் அடி வாங்கிய அகமெம்னன் இறங்கி வருகிறான். தங்கம், 12 குதிரைகள், 20 கொப்பரைகள், 7 ஊர்கள், தன் மகளில் ஒருத்தி, ப்ரிசேயிஸும் திரும்ப. தூது போகிறவர்கள் மூவர்: ஒடிஸியஸ், அக்கிலீஸை மடியில் வைத்து வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ், அயாக்ஸ். அகமெம்னன் தன் பேச்சின் கடைசியில், அவன் எனக்குப் பணியட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன் என்று ஒரு வால் வைத்திருந்தான். பரிசுப் பட்டியலை ஒன்று விடாமல் ஒப்பிக்கும் ஒடிஸியஸ் அந்த வாலை மட்டும் வெட்டிவிடுகிறான். ஆனாலும் அக்கிலீஸ் மோப்பம் பிடித்தவன்போல, மனதில் ஒன்றை மறைத்து வாயால் வேறொன்றைச் சொல்பவன் எனக்கு நரகத்தின் வாசல்போல வெறுப்பு என்கிறான்.

அவன் மறுக்கிறான் என்பதை எல்லாரும் எழுதுவார்கள். அவன் மூன்று விதமாக மறுக்கிறான் என்பதைக் கவனித்தீர்களா? ஒடிஸியஸிடம், நாளை காலை கப்பல் ஏறி ஊருக்குப் போகிறேன் என்கிறான். ஃபீனிக்ஸ் பேசி முடித்ததும், போவதா இருப்பதா என்று காலையில் யோசிப்போம் என்கிறான். முரடன் அயாக்ஸ் நாலு வார்த்தையில், உனக்காக நட்போடு வந்திருக்கிறோம் என்றதும், டிராய் இளவரசன் ஹெக்டர் என் கப்பல்கள்வரை வந்து தீ வைக்கும்போதுதான் போரிடுவேன் என்கிறான். அதாவது போகப் போவதில்லை. ஒரே இரவில் கோபம் மூன்று படி இறங்கிவிட்டது. ஆனால் இறங்கிய இடத்திலும் ஒரு சொல்லை நட்டுவிட்டுத்தான் நிற்கிறான்: என் கப்பல்கள்வரை.

சரி, 16-ஆம் சருக்கம். பட்ரோக்லஸ் அழுதுகொண்டு வருகிறான். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, தூக்கு தூக்கு என்று அழும் சின்னப் பெண்போல அழுகிறாயே என்று அக்கிலீஸ் கேட்கிறான். இதைக் கேலி என்கிறார்கள். எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளும் அம்மா யார்? அவன்தானே. பட்ரோக்லஸ் கேட்பது இது: நீ வரவில்லையென்றால் உன் கவசத்தையாவது கொடு, என்னை நீ என்று நினைத்து டிராய்க்காரர்கள் பின்வாங்குவார்கள். அந்த யோசனை அவனுடையதுகூட இல்லை, கிழவர் நெஸ்டர் சொல்லி அனுப்பியது.

அக்கிலீஸின் பதிலை நிறுத்தி வாசியுங்கள். அகமெம்னன் செய்தது இன்னும் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, நடந்தது நடந்ததாக இருக்கட்டும், எப்போதும் கோபமாகவே இருந்துவிட முடியாது என்கிறான். அதே மூச்சில், ஆனால் சண்டை என் கப்பல்களை எட்டும்வரை கோபத்தை விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே என்கிறான். பேச்சு முடிந்த சற்று நேரத்தில் ஒரு கப்பல் தீப்பிடிக்கிறது. அது ப்ரோடெசிலாஸின் கப்பல். அக்கிலீஸுடையது இல்லை. தீயை அவன் கண்ணாலேயே பார்க்கிறான், தொடையில் அறைந்துகொண்டு, சீக்கிரம் கவசத்தை மாட்டு என்று நண்பனை அவசரப்படுத்துகிறான். தான் எழுந்து போகவில்லை.

கோபம் முழு வேகத்தில் இருந்தபோது பட்ரோக்லஸ் சாகவில்லை, எஸ். கோபம் ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் செத்தான். சொன்ன சொல் மட்டும் நின்றது. போகவும் வேண்டும், போகாமலும் இருக்க வேண்டும் என்ற நிலையில் அக்கிலீஸ் தன் கவசத்தை அனுப்பினான், உள்ளே வேறு ஆளை வைத்து. தான் மட்டும் குடிக்கும் கிண்ணத்தில் மதுவை வார்த்து ஜியஸிடம் இரண்டு வரம் கேட்கிறான்: இவன் எதிரியை விரட்ட வேண்டும், பத்திரமாகத் திரும்பவும் வேண்டும். ஜியஸ் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறுத்துவிடுகிறார். ஹெக்டர் கையில் பட்ரோக்லஸ் சாகிறான்.

இதை எழுதும்போது என்னையே நினைத்துக்கொள்கிறேன். ஒரு நண்பனிடம், காரணம் இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், இனி உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். கோபம் நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆனால் நாலு வருடம் போகவில்லை. நடுவில் அவன் படுத்த படுக்கையானான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பணத்தைக் கொடுத்து என் மகனை அனுப்பினேன். அவன் போய் அருகில் உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து, “அவரு உங்களைத்தான்பா கேட்டாரு” என்றான். நண்பன் பிழைத்துக்கொண்டான், அதனால் என்னைப் பற்றிக் காவியம் இல்லை. பிற்பாடு, ஏன்டா வரலை என்று கேட்டான். வரமாட்டேன்னு சொல்லியிருந்தேனே என்றேன். கெட்ட வார்த்தையில் திட்டினான். சரியாகத்தான் திட்டினான்.

நம் பாரதத்திலும் இதே முடிச்சு இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்டிய துரியோதனனிடம் இல்லை, பீஷ்மரிடம். சத்தியவதியின் பிள்ளைகளுக்கு அரியணை வேண்டும் என்பதற்காகத்தான் அவர் மணம் துறந்தார். அந்தப் பிள்ளைகள் இருவரும் வாரிசின்றி இறந்தபின், யாருக்காகச் சபதம் செய்தாரோ அந்தச் சத்தியவதியே வந்து, மணம் செய்துகொள், குலத்தைக் காப்பாற்று என்கிறாள். அவர் மறுத்துவிடுகிறார். சபதத்துக்கான காரணம் செத்துவிட்டது, சபதம் மட்டும் உயிரோடிருக்கிறது. இதைக் குறை என்பீர்களா? அவரைப் பீஷ்மர் என்று அழைப்பதே இதற்காகத்தானே. அக்கிலீஸிடமும் அப்படித்தான். மனதில் ஒன்று வாயில் ஒன்று இல்லாதவன் என்பதால்தான் அவனை நமக்குப் பிடிக்கிறது. அதை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு அவனைப் பிழைக்க வைக்கலாம் என்றால், மிஞ்சுவது ஒடிஸியஸ். நீண்ட நாள் வாழ்வான், சந்தேகமில்லை.

எதிர்ப்பக்கம் ஹெக்டரைப் பாருங்கள், அவன் கோபக்காரனே இல்லை. அக்கிலீஸ் மறுபடி எழுந்துவிட்டான், இரவோடு இரவாகக் கோட்டைக்குள் போய்விடுவோம் என்று தோழன் பொலிடமஸ் சொன்னபோது சபை நடுவில் அவனை மட்டம் தட்டினான். மறுநாள் பாதிப் படை அழிந்தபின், கதவுக்கு வெளியே தனியாக நின்று யோசிக்கிறான். உள்ளே போனால் பொலிடமஸ்தான் முதலில் ஏசுவான். என்னைவிடத் தாழ்ந்தவன் ஒருவன், ஹெக்டர் தன் பலத்தை நம்பி மக்களை அழித்தான் என்பான். அப்பாவும் அம்மாவும் மதில்மேல் நின்று கெஞ்சுகிறார்கள். அவன் உள்ளே போகவில்லை. அவனையும் பிடித்து நிறுத்தியது முந்தைய நாள் வாயிலிருந்து வந்த பேச்சு.

உங்கள் நாவலுக்கு வருகிறேன். குறையைத் தேர்வு செய்து ஆணியடித்து மாட்ட வேண்டாம். உங்கள் ஆள் யார் முன்னால் என்ன சொன்னான் என்று பாருங்கள், அது போதும்.

கோபம் அக்கிலீஸை விட்டுப் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பட்ரோக்லஸ் செத்த செய்தி வந்ததும், சொட்டும் தேனைவிட இனிப்பது கோபம், நெஞ்சில் புகைபோல வளர்வது, அது உலகிலிருந்தே தொலையட்டும் என்கிறான். சொன்ன கையோடு ஹெக்டரைக் கொன்று தேரில் கட்டி இழுக்கிறான். 24-ஆம் சருக்கத்தில் கிழவர் பிரயாம் வந்து, மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அப்போதும், உட்காருங்கள் என்றதற்கு, உடலைக் கொடு முதலில் என்று அவர் அவசரப்பட்டதும் முறைக்கிறான். கிழவரே, என்னைச் சீண்டாதீர்கள், உங்களையும் விட்டுவைக்க மாட்டேன். பிறகு சிங்கம்போலப் பாய்ந்து வெளியே போகிறான். உடலை அவர் கண்ணில் படாத இடத்தில் கழுவச் சொல்கிறான். பார்த்தால் அவர் கோபத்தை அடக்க மாட்டார், அவர் கத்தினால் தான் அவரைக் கொன்றுவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கழுவி எண்ணெய் பூசியதும் உடலைத் தானே தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். அப்போது செத்த நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவன் கேட்பது இதைத்தான்: ஹெக்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டால், பட்ரோக்லஸ், என்மேல் கோபித்துக்கொள்ளாதே.