பல் கூச்சம்: ஐந்து நாளும் நாலு வாரமும்

வணக்கம் டாக்டர். நான் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது 38. நாலைந்து மாதமாக ஐஸ் போட்ட ஜூஸ், ஃபிரிட்ஜ் தண்ணீர் எது பட்டாலும் இடது மேல்வரிசையில் சுரீரென்று கூசுகிறது. ஒரு நொடிதான், அப்புறம் சரியாகிவிடும். டீ, காபி ஒன்றும் செய்வதில்லை. சொத்தை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மெடிக்கலில் கேட்டு, பல் கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கி ஐந்து நாள் தேய்த்தேன். பைசா பிரயோஜனம் இல்லை. விளம்பரமெல்லாம் பொய்தானா? போர் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் பல்லில் காவிக் கறை உண்டு. அது போகட்டும் என்று சின்ன வயதிலிருந்தே நன்றாக அழுத்தித்தான் தேய்ப்பேன். எடை குறைய ஆறு மாதமாகக் காலையில் பல் தேய்த்ததும் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கிறேன். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டை நம் ஊர்க்காரர்கள் தொடவே கூடாது என்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

– ஒரு ஆசிரியை, பாலக்கோடு

அன்புள்ள டீச்சருக்கு,

உங்களுக்கு வலது கைப் பழக்கம்தானே? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன். வலது கையில் பிரஷ் பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் அழுத்தம் அதிகமாக விழும். அதிலும் பல்வரிசை வளைகிற இடத்தில் துருத்தி நிற்கும் கோரைப்பல்லும், அதை ஒட்டிய முன்கடைவாய்ப்பல்லும்தான் முதலில் அடி வாங்கும். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அந்த இரண்டு பல்லிலும் ஈறு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். ஈறுக்கும் பல்லின் வெள்ளைக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கீற்று தெரியும். நகத்தால் தடவினால் சின்னப் பள்ளம்கூடத் தட்டுப்படலாம். அப்படி இருந்தால் கூசுவது அந்த இடம்தான்.

பல்லின் மேலோடான எனாமலுக்கு நரம்பு கிடையாது. எத்தனை ஐஸ் வைத்தாலும் அதற்கு உறைக்காது. ஆனால் கடிக்கும் முனையில் தடிமனாக இருக்கும் எனாமல், ஈறு ஓரத்துக்கு வரும்போது கத்தி முனை மாதிரி மெலிந்து முடிந்துவிடும். அதற்கு அப்பால் வேரின் மேல் இருப்பது சிமென்டம் என்ற மெல்லிய பூச்சு. ஈறு மூடியிருக்கும் வரை அதற்குப் பாதுகாப்பு. ஈறு ஏறிவிட்டால் பிரஷ்ஷுக்கு அது சீக்கிரம் தேய்ந்துபோகும். அடியில் இருக்கும் டென்டின் வெளியே வந்துவிடும். அந்த மஞ்சள் கீற்று டென்டின்தான்.

டென்டின் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும், உள்ளே முழுக்கக் குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் குழாய்கள் வெளியிலிருந்து பல்லின் மையத்திலுள்ள கூழ் வரை போகின்றன. ஒவ்வொன்றிலும் நீர் நிரம்பியிருக்கிறது. கூழின் பக்கம் நரம்பு முனைகள் காத்திருக்கின்றன. குளிர்ச்சி பட்டதும் அந்த நீர் சுருங்கி, வெளிப்பக்கமாகச் சட்டென்று நகர்கிறது. அந்த இழுப்பைத்தான் நரம்பு சுரீர் என்று உணர்கிறது. அதாவது ஐஸ் நரம்பைத் தொடவே இல்லை. குழாய்க்குள் நீர் ஓடியது, அவ்வளவுதான்.

இதை 1960களில் பல சோதனைகளால் நிலைநாட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். திறந்த டென்டின் மேல் வெறும் உறிஞ்சுதாளை வைத்தாலே வலித்தது. தாளில் குளிரும் இல்லை, புளிப்பும் இல்லை. அது நீரை உறிஞ்சியது, உள்ளே நீர் நகர்ந்தது. இன்னொரு வேடிக்கை, மரத்துப்போகச் செய்யும் மருந்தை அதே இடத்தில் மேலாகத் தடவினாலும் வலி நிற்பதில்லை. நரம்பு மேற்பரப்பில் இருந்தால் நின்றிருக்க வேண்டுமே. உங்களுக்கு டீ ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். சூட்டில் நீர் விரிந்து உள்பக்கம் நகரும். வெளிப்பக்க ஓட்டத்துக்கு நரம்பு துள்ளுகிற மாதிரி உள்பக்க ஓட்டத்துக்குத் துள்ளுவதில்லை.

சரி, பேஸ்ட்டுக்கு வருவோம். இந்த வலியை நிறுத்த இரண்டே வழிதான் உண்டு. நரம்பை அடக்க வேண்டும், அல்லது குழாயின் வாயை அடைக்க வேண்டும். நீங்கள் வாங்கிய டியூபைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பொட்டாசியம் நைட்ரேட், பெரும்பாலும் 5 சதவீதம் என்று இருந்தால், அது முதல் வகை. ஸ்ட்ரான்ஷியம், ஸ்டேனஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினைன், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது அடைக்கும் வகை.

பொட்டாசியத்தின் வேலை இப்படி. நரம்புக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. அந்த ஏற்றத்தாழ்வுதான் நரம்புக்கு நாண் ஏற்றிய வில் மாதிரி ஒரு விறைப்பைத் தருகிறது. வெளியேயும் பொட்டாசியம் சேர்ந்துவிட்டால் நாண் தளர்ந்துபோகும், அம்பு பறக்காது. ஆனால் நீங்கள் தடவும் பொட்டாசியம், வெளிநோக்கிக் கசியும் நீரை எதிர்த்து அந்த ஊசிக்குழாய்களில் ஏறிப் போயாக வேண்டும். போய்ச் சேர்ந்ததையும் கூழின் ரத்த ஓட்டம் கழுவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நாளுக்கு இரண்டு வேளை, விடாமல், குறைந்தது இரண்டு வாரமாவது தேய்த்தால்தான் குறைவது தெரியும். சரியாகக் கணக்குப் பார்க்க நாலு வாரம் வேண்டும். விட்டுவிட்டால் கூச்சம் மெல்லத் திரும்பி வந்துவிடும். உங்கள் ஐந்து நாள் இதற்குப் போதாது.

விளம்பரம் பொய்யா என்று கேட்டீர்கள். பாதி என்று சொல்லலாம். பொட்டாசியம் உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆராய்ச்சிகள் ஒத்துப்போகவில்லை. சோதனைகளில் சாதாரண பேஸ்ட் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கணிசமாகக் கூச்சம் குறைகிறது. கொஞ்சம் மனசு, கொஞ்சம் பெரும்பாலான பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடும் பொடியும், கொஞ்சம் பல் தானே ஆறிக்கொள்வது. என் கட்சி அடைக்கும் வகை. அதிலும் ஆர்ஜினைன் வகைக்கு ஒரு வசதி உண்டு. விரல் நுனியில் எடுத்து அந்த இடத்திலேயே ஒரு நிமிடம் தடவினால் அப்போதே கொஞ்சம் அடைப்பு விழும். கால்சியம் சோடியம் பாஸ்போசிலிக்கேட் எச்சில் பட்டதும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் விட்டு, பல்லின் தாதுவைப் போன்ற ஒரு படலத்தைக் குழாய் வாயில் படிய வைக்கும்.

அடைப்பு என்றதும் சிமென்ட் பூசிய மாதிரி நினைத்துவிடாதீர்கள். அது தாது, புளிப்பில் கரையும். உங்கள் காலை வழக்கம் இங்கேதான் இடிக்கிறது. பேஸ்ட் படிய வைத்ததை ஐந்து நிமிடத்தில் எலுமிச்சைத் தண்ணீர் வந்து கழுவுகிறது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் கணக்கில் எனாமல் சுமார் 5.5க்குக் கீழே கரையத் தொடங்கும். டென்டின் அதற்கு முன்பே கரையும். எலுமிச்சைச் சாறு இரண்டரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் கலந்தாலும் மூன்றைத் தாண்டி அதிகம் ஏறாது. நீங்கள் ஆறு மாதமாகக் குடிக்கிறீர்கள், கூச்சம் வந்து நாலைந்து மாதம். இரண்டையும் நீங்களே சேர்த்துப் பாருங்கள். அழுத்தித் தேய்த்தது சின்ன வயதிலிருந்து நடக்கும் வேலை, வாசலைத் திறந்து வைத்தது. வாசலை ஒட்டியிருந்த மண்ணையும் அரித்துக் கொண்டுபோனது எலுமிச்சை.

எனவே முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். விட மனமில்லை என்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள், வாயில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். அதன்பிறகு அரை மணி நேரமாவது பிரஷ் படக் கூடாது. புளிப்பில் ஊறி இளகிய மேற்பரப்பைப் பிரஷ் சுரண்டிவிடும். மாங்காய் சீசனில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்கிறவர்களுக்கும் இதே கணக்கு.

அடுத்தது கறை. மன்னிக்கவும், அந்தக் கறை தேய்த்துப் போகாது. நம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். பல் தாடைக்குள் உருவாகும்போதே அந்த நீர் எனாமலைக் கெடுத்துவிட்டது, கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. உங்கள் பல் அதற்கு வெகு முன்னால் முளைத்தாயிற்று. செங்கல் பொடி, கரி, உப்பு என்று தேய்க்கும் பலரை என் நாற்காலியில் பார்க்கிறேன். கறை அப்படியே இருக்கும், ஈறு ஏறிக்கொண்டே போகும். கறை உறுத்தினால் பல் மருத்துவர் மேற்பூச்சாகச் செய்யும் வழிகள் இருக்கின்றன. பிரஷ்ஷால் ஆகாது.

இந்தக் கறைக்குப் பயந்துதான் ஃபுளோரைடு பேஸ்ட்டே வேண்டாம் என்கிறார்கள். உங்கள் வயதில் அந்தப் பயம் தேவையில்லை. கறை விழுவது எனாமல் உருவாகும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரை. உங்களுக்கு எல்லாப் பல்லும் உருவாகி முடிந்தது. துப்பிவிடும் பேஸ்ட், குடிக்கும் தண்ணீர் மாதிரி இல்லை. சொல்லப்போனால் திறந்து கிடக்கும் டென்டினில் சொத்தை விழாமல் காப்பது அதே ஃபுளோரைடுதான். வீட்டில் ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட், பெரியவர்கள் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும்.

இனி செய்யவேண்டியது. மென்மையான பிரஷ் வாங்குங்கள். பேனா பிடிக்கிற மாதிரி பிடித்தால் அழுத்த முடியாது. காலையும் ராத்திரியும் இரண்டு நிமிடம். தேய்த்ததும் எச்சிலைத் துப்புங்கள், சொம்புத் தண்ணீரால் கொப்பளித்து மருந்தையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். ராத்திரி துப்பிய பிறகு, கொஞ்சம் பேஸ்ட்டை விரலில் எடுத்து அந்த மஞ்சள் கீற்றில் தடவி அப்படியே படுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதே டம்ளரில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு வாய் குடித்து, கூச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் எழுதுங்கள். மாணவர்களுக்கு மார்க் போடுகிறவர், உங்களுக்குப் பழக்கம்தான். ஏழில் தொடங்கி நாலாம் ஞாயிறு மூன்றுக்கு வந்தால் பேஸ்ட் வேலை செய்கிறது. ஏழு ஏழாகவே நின்றால் டியூபை மாற்றிக்கொண்டிருக்காமல் பல் மருத்துவரிடம் போங்கள். அந்தப் பள்ளத்தில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம், ஆழமாக இருந்தால் பல் நிறத்திலேயே அடைத்துவிடலாம்.

நாலு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. குளிர்ச்சியை எடுத்த பிறகும் வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால், சூடு பட்டு வலித்தால், ராத்திரி தானாக எழுப்பினால், ஏதோ ஒரு பல்லில் கடிக்கும்போது மட்டும் குத்தினால், அது குழாய்களின் கதை இல்லை. சொத்தை கூழ் வரை போயிருக்கலாம், அல்லது பல் விரிசல் விட்டிருக்கலாம். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் மூன்று மாதம் கூச்சப் பேஸ்ட்டே தேய்த்துக்கொண்டிருந்தார். கடைவாயில் ஒரே ஒரு பல், கடித்தால்தான் வலி. முதல் முறை பார்த்தபோது நானும் கடிக்க வைத்துச் சோதிக்காமல் அந்தப் பேஸ்ட்டையே எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். விரிசலைக் கண்டுபிடித்தபோது பல் இரண்டாகப் பிளந்திருந்தது, எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவரிடம் போகும்போது இப்போது தேய்க்கும் பிரஷ்ஷையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அதன் மயிர்கள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தாலே, எந்தப் பல்லை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.