பிறந்தநாள் வாழ்த்தில் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ?

கேள்வி: அண்ணன், ஆபீஸ் நண்பர், என்னைவிடச் சின்னவர் என எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பணும். யாருக்கு நீ, யாருக்கு நீங்க?

நேரில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கு ‘நீ’, அப்பாவுக்கு ‘நீங்க’. அம்மாவுக்குத் திடீரென்று ‘தாங்கள்’ என்று எழுதினால் அவரே சிரிப்பார். ஆனால் குடும்ப குரூப்பில் மாமா, சித்தப்பா எல்லாரும் படிப்பார்கள் என்றால், தனியாக ‘டா’ போடும் அண்ணனுக்கும் அங்கே ‘நீங்க’ நல்லது.

சறுக்குவது பெரும்பாலும் வினையில்தான். “அண்ணா, உங்க பிறந்தநாளுக்கு வாழ்த்துகள், எப்பவும் சந்தோஷமா இரு” என்பதில் ‘உங்க’ மரியாதை, ‘இரு’ ஒருமை. ‘இருங்க’ என்று மாற்றினால் சரியாகிவிடும். ‘நீ’ என்று தொடங்கினால் உன், உனக்கு, இரு. ‘நீங்க’ என்றால் உங்க, உங்களுக்கு, இருங்க. அனுப்பும் முன் இதை மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

எந்த வடிவம் என்று குழப்பமா? ‘வாழ்க’, ‘இருக்கணும்’ இரண்டும் ஒருமை, பன்மை காட்டாது. “இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், நூறாண்டு வாழ்க” என்றால் ‘நீ’யும் வேண்டாம், ‘நீங்க’ளும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த, வயதில் இளைய சக ஊழியருக்கு இது கச்சிதம்; இல்லையென்றால் ‘நீங்க’ போடுங்கள், வயது குறைவு என்பதற்காக அலுவலகத்தில் ‘நீ’ வேண்டாம்.

வயதில் ரொம்பப் பெரியவருக்கு, “வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்” என்பது பழகிய வழி. அதன் பிறகு “உங்கள் ஆசி வேண்டும்” என்று சேர்க்கலாம்.