பத்துக்குப் பத்து வாங்கிய கணக்காளர்

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆபீஸில் அறுபது பேர். போலி மெயில், போலி எஸ்எம்எஸ் பற்றி எல்லாருக்கும் ஒரு வினாடி வினா வைக்கச் சொல்லி முதலாளி என்னிடம் கொடுத்துவிட்டார். இணையத்தில் தேடி எடுத்த கேள்விகள் எல்லாம் லாட்டரி விழுந்தது, வெளிநாட்டுச் சொத்து என்று இருக்கின்றன. எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். நிஜமாக வருவது போலவே மெசேஜ் வேண்டும், ஒவ்வொரு விடைக்கும் விளக்கமும் வேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? மார்க்கை நோட்டீஸ் போர்டில் போடலாமா?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் இதே வேலையைச் செய்து, நன்றாகவே சொதப்பினேன். பத்துக் கேள்வி. பத்து மெசேஜும் போலி. எல்லாருக்கும் நல்ல மார்க். கணக்காளர் பத்துக்குப் பத்து. நான் பெருமையாக இருந்தபோது டெஸ்பாட்ச் பையன் ஒருவன் வந்து சொன்னான்: “சார், மூணாவது கேள்வியிலேயே தெரிஞ்சிடுச்சு, எல்லாம் போலிதான்னு. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?” அடுத்த வாரமே ஆடிட்டர் அனுப்பிய உண்மையான மெயிலைக் கணக்காளர் மோசடி என்று அழித்துவிட்டார். அதில் கேட்டிருந்த வேலை தேதி தவறிப்போனது.

ஆகவே முதலில் உண்மையான மெசேஜ்களைச் சேகரியுங்கள். எட்டுக் கேள்வி போதும். அதில் மூன்றோ நான்கோ அசலாக இருக்கட்டும். எத்தனை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அசலைத் தேடும்போது அழகானதை எடுக்காதீர்கள், அசிங்கமானதை எடுங்கள். எழுத்துப்பிழை, அவசரம், வணக்கம்கூட இல்லாத தொடக்கம், எல்லாம் இருக்கட்டும். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஆறாம் தேதி மாலை வரும் மெயில் இப்படித்தானே இருக்கும்:

“சார் நாளை 7. டிடிஎஸ் கட்ட கடைசி நாள். சலான் போட்டாசா? அர்ஜெண்ட்.”

இது அசல். ஆனால் “அவசரப்படுத்தினால் போலி, எழுத்துப்பிழை இருந்தால் போலி” என்று படித்தவர் இதைப் போலி என்றுதான் சொல்வார். அவர் மேல் தப்பில்லை, பாடத்தின் மேல்தான். இதற்கான விளக்கத்தில் நான் எழுதுவது: “இது உங்களை எந்தப் புது இடத்துக்கும் கூப்பிடவில்லை. லிங்க் இல்லை, புதுக் கணக்கு எண் இல்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. மாதாமாதம் நீங்களே போகும் வருமான வரித் தளத்துக்கு நீங்களே போய்க் கட்டப்போகிறீர்கள். மெயில் ஒருவேளை பொய்யாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை.”

நான் இப்போது விளக்கத்தை முதலில் எழுதுகிறேன், அதற்குப் பிறகுதான் மெசேஜை உருவாக்குகிறேன். இந்தக் கேள்வியில் ஆள் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி தேறாது. ‘மொத்தமாகப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது’ என்பது விளக்கம் ஆகாது.

கரண்ட் பில் மெசேஜை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆட்களில் பலருக்கு வந்திருக்கும்: “உங்கள் முந்தைய மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.” கீழே ஒரு செல்போன் எண். இதற்கு ‘மின்வாரியம் எஸ்எம்எஸ் அனுப்பாது’ என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள். அனுப்பும். மறுநாள் அசல் பில் எஸ்எம்எஸ் வந்ததும் உங்கள் விளக்கம் பொய் ஆகிவிடும், அதோடு மற்ற ஏழு விளக்கங்களின் மரியாதையும் போய்விடும். எழுத வேண்டியது இது: மெசேஜ் ஒரு தனியாரின் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருக்கிறது, அதே போன்ற இன்னொரு எண்ணுக்குப் பேசச் சொல்கிறது. பேசினால் என்ன நடக்கும் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார்கள், ‘அப்டேட்டுக்கு’ என்று பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள், நீங்கள் தட்டுவதும் வரும் ஓடிபியும் அவர்கள் கண்ணில் படும். அது தெரிந்தவருக்குத்தான், வாசகம் மாறி கேஸ் கனெக்‌ஷன் என்று வந்தாலும் பொறி தட்டும். கடைசியாக, செய்ய வேண்டியது: மின் இணைப்பு எண்ணைப் போட்டு வழக்கமாகப் பில் கட்டும் இடத்திலேயே பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது.

அடுத்து லிங்க். இதைப் பலர் சொல்லித்தருவதில் தோற்கிறார்கள். ‘சந்தேகமான லிங்க்கை அழுத்தாதீர்கள்’ என்றால் எது சந்தேகமானது என்று யாருக்குத் தெரியும்? நான் ஒரு அசலையும் ஒரு போலியையும் அடுத்தடுத்த கேள்விகளாக வைப்பேன். நம் கூரியர் கம்பெனியின் தளம் `malaicourier.example` என்று வினாடி வினாவின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு இவை:

```
https://track.malaicourier.example/fee
https://malaicourier.example.track-fee.example/pay
```

இரண்டிலும் கூரியரின் பெயர் இருக்கிறது, இரண்டிலும் பூட்டுப் படம் வரும். (பூட்டு, வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது; மறுமுனையில் இருப்பது திருடனா என்று அதற்குத் தெரியாது.) விளக்கம்: `https://` தாண்டி வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். கடைசி இரண்டு துண்டுகள்தான் உண்மையான சொந்தக்காரர். முதலாவதில் `malaicourier.example`. இரண்டாவதில் `track-fee.example`, அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அந்தச் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு எழுதி மாட்டிய பெயர்ப்பலகை. `co.in`, `gov.in` என்று முடிந்தால் மூன்று துண்டு பார்க்க வேண்டும். இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது `gov.in` மட்டும் பார்த்துக் குழம்புவார்கள்.

`.example` என்று ஏன் எழுதுகிறேன் என்றால், அது மாதிரிக்காகவே 1999இல் ஒதுக்கப்பட்டது. யாரும் அதில் தளம் வாங்க முடியாது. நீங்களாக ஒரு போலிப் பெயரைக் கற்பனை செய்து `.com` போட்டால், அது நிஜமாகவே ஒருவருடையதாக இருக்கலாம். யாராவது ஆர்வத்தில் தட்டிப் பார்த்தால் வம்பு. ஆனால் போலிகளில் மட்டும் `.example` போடாதீர்கள், அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்; அசலிலும் அதே. மெசேஜ்களைப் படமாக வைப்பது நல்லது, லிங்க்கின் முழு முகவரியும் படத்தில் தெரிய வேண்டும். ஆதாரம் கண்ணில் படாத கேள்வி சீட்டு குலுக்குவது மாதிரிதான். மெசேஜ் ஆங்கிலத்தில் வருவது என்றால் கேள்வியிலும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விளக்கத்தை மட்டும் தமிழில் எழுதுங்கள்.

உங்கள் தொழிலுக்கு முக்கியமான கேள்வி இனிமேல்தான். நூல் மில்லிலிருந்து மெயில் வருகிறது. போன வாரம் நீங்கள் பேசிக்கொண்டிருந்த அதே மெயில் தொடரில், அதே முகவரியிலிருந்து. “எங்கள் வழக்கமான கணக்கில் ஆடிட் நடப்பதால் இந்தப் பில்லுக்கான ரூ. 4,80,000 தொகையைக் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும்.” பில் எண் சரி, தொகை சரி. இங்கே ‘அசலா போலியா’ என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். மில்லின் மெயில் பெட்டிக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் மெசேஜில் ஒரு குறையும் இருக்காது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’

அ) முகவரி சரியாக இருக்கிறது, அனுப்புவேன்.
ஆ) ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று மெயிலில் கேட்பேன்.
இ) மெயிலின் கீழே உள்ள எண்ணுக்குப் பேசுவேன்.
ஈ) பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் பேசுவேன்.

ஆ என்பதை நான் கற்பனையில் எழுதவில்லை. நான் பார்த்த கணக்காளர்கள் பலரும் அதைத்தான் செய்தார்கள். தவறான விடைகள் இப்படி உங்கள் ஆபீஸில் நிஜமாக நடப்பவையாக இருக்க வேண்டும். ‘கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன்’ என்று ஒரு விடை வைத்தால் அது இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

நான்கு விடைக்கும் நான்கு விளக்கம் எழுதுங்கள். சரியானதைத் தேர்ந்தவரும் மற்ற மூன்றையும் படிக்கும்படி வையுங்கள். அ: மெயில் பெட்டியின் பாஸ்வேர்டு திருடு போயிருந்தால் சரியான முகவரியிலிருந்துதான் பொய் வரும். ஆ: ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்தால் அந்தக் கணக்கு இருக்கிறது என்று தெரியும், யாருடையது என்று தெரியாது, மெயிலில் கேட்டால் ‘வந்துவிட்டது, நன்றி’ என்று பதில் எழுதப்போவதும் அந்தத் திருடனே. இ: மெயிலை எழுதியவர் கீழே உள்ள எண்ணையும் மாற்றி எழுதியிருக்கலாம். ஈ: இந்த மெயில் வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்த எண் இது ஒன்றுதான், அதனால் இதுவே சரி. மில்காரர் “ஆமாம், நாங்கள்தான் மாற்றினோம்” என்றால் பேசியவர் பெயரையும் நேரத்தையும் பில்லிலேயே எழுதி வைத்துவிட்டு அனுப்பலாம்.

மார்க்கை நோட்டீஸ் போர்டில் போடாதீர்கள். போட்டால் அடுத்த தடவை விடைத்தாள் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதைவிட, நாளைக்கு ஒருவர் நிஜமாகவே மாட்டிக்கொண்டால் வெளியே சொல்ல மாட்டார். நீங்கள் எடுக்க வேண்டிய கணக்கு வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் போலியை நம்பினார்கள், எத்தனை பேர் அசலைப் போலி என்றார்கள் என்று இரண்டு எண்ணைத் தனித்தனியாக வையுங்கள். இரண்டாவது கூடிக்கொண்டே போனால் என் கணக்காளரைப் போல ஆட்களைப் பயமுறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு கேள்வியில் அறுபது பேரில் ஐம்பது பேர் தவறினால் முதலில் கேள்வியைச் சந்தேகப்படுங்கள். ஒரு தடவை எனக்கு அப்படி ஆனது. போய்ப் பார்த்தால் போனில் படம் சுருங்கி, முகவரியின் வால் பகுதி யாருக்குமே தெரியவில்லை.

எட்டாவது கேள்வியில் மெசேஜே வேண்டாம். “லிங்க்கை அழுத்தி பாஸ்வேர்டும் போட்டுவிட்டீர்கள். இப்போதுதான் உறைக்கிறது. என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டுச் சும்மா இருப்பேன் என்பதும் ஒரு விடையாக இருக்கட்டும், நிறையப் பேர் அதைத்தான் தேர்வார்கள். அதன் விளக்கத்தில் ஆபீஸில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெயரும் எக்ஸ்டென்ஷன் எண்ணும் போடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930, புகார் பதிய `cybercrime.gov.in`. பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயர்தான் வரும் என்று நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பீர்கள் என்றால் செல் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.