ஈட்டு விகிதம் கால் விழுக்காடு ஏறினால் பத்திரம் எவ்வளவு இறங்கும்? கோலாலம்பூர் கேள்வி பதில்

செந்தூல் மாணவர்: ஐயா, ஐந்தாண்டு அரசாங்கக் கடன்பத்திரம், முகமதிப்பு 1,00,000 ரிங்கிட், கூப்பன் 4 விழுக்காடு, ஈட்டு விகிதமும் 4 விழுக்காடு. மெக்காலே டியூரேஷன் 4.58 ஆண்டு என்று வந்தது. அதற்குள் போட்ட பணம் திரும்பிவிடும் என்றுதானே பொருள்?

தம்பி, கணக்கு சரி, பொருள்தான் சரியில்லை. நாலரை ஆண்டு முடியும்போது உங்கள் கைக்கு வந்திருப்பது ஒன்பது கூப்பன்கள், அதாவது அரையாண்டு வட்டித் தவணைகள், மட்டுமே. தலா 2,000 வீதம் 18,000 ரிங்கிட். அசல் இன்னும் வெளியேதான் இருக்கும்.

மெக்காலே டியூரேஷன் என்பது சராசரிக் காத்திருப்பு. ஒவ்வொரு தவணையும் எத்தனை ஆண்டு கழித்து வருகிறது என்பதை, அந்தத் தவணையின் இன்றைய மதிப்பைக் கொண்டு எடைபோட்டு எடுக்கும் சராசரி. ஐந்தாம் ஆண்டு முடிவில் அசலும் கடைசிக் கூப்பனும் சேர்ந்து 1,02,000 வரும். சந்தை கேட்கும் வருமானமான ஈட்டு விகிதத்தில் கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 83,676. பத்திரத்தின் விலை 1,00,000 என்பதால் அதன் எடை 83.68 விழுக்காடு. அதை ஐந்தால் பெருக்கினால் 4.184. மீதமுள்ள ஒன்பது கூப்பன்களுக்கும் சேர்த்தே எடை 16.32 விழுக்காடுதான், அவை சராசரியாக 2.43 ஆண்டில் வந்துவிடுவதால் 0.397 மட்டும் சேர்க்கின்றன. இரண்டும் கூடி 4.581. கடைசித் தவணை எவ்வளவு கனமானது என்று பாருங்கள். கூப்பன் பெரிதானால் முன்பகுதியின் எடை கூடும், சராசரி சுருங்கும். கூப்பனே இல்லாத பத்திரமாக இருந்தால் நேராக ஐந்து.

பினாங்கு வாசகர்: நம்மவர்களுக்கு ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த அந்த மெக்காலேயா இவர்? அவருக்கும் வட்டிக்கும் என்ன தொடர்பு?

இல்லை ஐயா, அவர் வேறு. 1835இல் கல்விக் குறிப்பு எழுதியவர் ஆங்கிலேயர் தாமஸ் மெக்காலே. இவர் ஃபிரெடரிக் மெக்காலே, கனடாவில் பிறந்த பொருளியலாளர். அமெரிக்க ரயில் நிறுவனக் கடன்பத்திரங்களின் ஈட்டு விகிதங்களை ஆராய்ந்தபோது, முதிர்வு ஆண்டை மட்டும் வைத்து இரண்டு பத்திரங்களை ஒப்பிடுவது ஏமாற்றிவிடுகிறது என்று கண்டார். அந்த ஆய்வு 1938இல் வெளிவந்தது.

பாயான் லெப்பாஸ் கணக்காளர்: அண்ணா, அதே பத்திரத்தை நான் அரையாண்டுத் தவணைகளாகப் போட்டேன். 9.16 வந்தது. 1.02ஆல் வகுத்து 8.98. ஈட்டு விகிதம் 0.25 ஏறினால் 2,246 ரிங்கிட் இறங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி நம்பவில்லை.

அவர் நம்பாதது நியாயம்தான். உங்கள் 9.16 என்பது அரையாண்டுகளின் எண்ணிக்கை. 0.25 என்பதோ ஆண்டு விகிதம். இரண்டையும் நேராகப் பெருக்கியதால் இழப்பு இரட்டிப்பாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஐந்தாண்டில் முதிரும் சாதாரணப் பத்திரத்தின் சராசரிக் காத்திருப்பு ஐந்தைத் தாண்டவே முடியாது. தாண்டினால் அலகு தவறிவிட்டது என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

1.02ஆல் ஏன் வகுக்கிறோம் என்பதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்தப் பிழை மறுபடி வராது. நம் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பன் தருவது. ஆண்டுக்கு 0.25 ஏற்றம் என்றால் அரையாண்டுக்கு 0.125. ஒவ்வொரு அரையாண்டும் பணத்தை 1.02ஆல் வகுத்துத்தானே இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம்? அந்த 1.02 இப்போது 1.02125 ஆகிறது. அதாவது வகுக்கும் எண் 0.1225 விழுக்காடு பெரிதாகிறது. சராசரிப் பணம் 9.16 அரையாண்டு காத்திருப்பதால் அந்த அடி 9.16 முறை விழுகிறது. பெருக்கினால் 1.123 விழுக்காடு.

இதையே ஆண்டுக் கணக்கில் சுருக்கிச் சொன்னால், 4.581ஐ 1.02ஆல் வகுத்து 4.491. அதுதான் மாடிஃபைட் டியூரேஷன், விகிதம் ஒரு விழுக்காடு நகர்ந்தால் விலை ஏறக்குறைய எத்தனை விழுக்காடு நகரும் என்பதைச் சொல்லும் எண். 1.04ஆல் வகுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அரையாண்டுக் கூப்பனுக்கு அது பொருந்தாது. 4.491ஐ 0.25ஆல் பெருக்கினால் அதே 1.123 விழுக்காடு, அதாவது 1,123 ரிங்கிட் இறக்கம். எல்லாத் தவணைகளையும் புதிய விகிதத்தில் முழுதாகக் கணக்கிட்டால் விலை 98,884, இறக்கம் 1,116. வித்தியாசம் ஏழு ரிங்கிட்.

எக்செல்லில் சரிபார்க்க:

```
=MDURATION(DATE(2026,1,15),DATE(2031,1,15),4%,4%,2)
```

கடைசியில் உள்ள 2 ஆண்டுக்கு இரண்டு கூப்பன் என்பதைக் குறிக்கிறது. அங்கே 1 போட்டால் 4.452 என்று வரும். பார்வைக்கு நியாயமான எண்ணாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால்தான் அதைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஜாலான் அம்பாங் முன்னாள் டீலர்: ஏழு ரிங்கிட் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். இரண்டு விழுக்காடு நகர்ந்தால்?

நீங்கள் கேட்பது சரியான இடம். மதிப்பீடு இரு பக்கமும் 8,983 என்று ஒரே எண்ணைச் சொல்லும். உண்மையில் விகிதம் 6க்கு ஏறினால் இறக்கம் 8,530; 2க்கு இறங்கினால் ஏற்றம் 9,471. விலைக்கும் விகிதத்துக்கும் உள்ள கோடு வளைந்தது, நாமோ அதன் மீது நேர்கோடு ஒன்றைச் சாய்த்து வைக்கிறோம். நகர்வு எட்டு மடங்கானால் பிழை ஏறக்குறைய அறுபத்து நான்கு மடங்காகிறது. ஏழு ரிங்கிட் நானூற்று ஐம்பதைத் தாண்டியது அப்படித்தான். இந்த ஐந்தாண்டுப் பத்திரத்தில் அரை விழுக்காடு வரை நான் தயங்காமல் டியூரேஷனைப் பயன்படுத்துவேன். இருபதாண்டுப் பத்திரத்தில் அந்தத் துணிவு எனக்கு இல்லை, வளைவையும் சேர்த்தே கணக்கிடுவேன்.

பட்டர்வொர்த் ஓய்வுபெற்ற ஆசிரியை: சார், என் பத்திர நிதியின் டியூரேஷன் 6 என்று அறிக்கையில் இருக்கிறது. 2025 ஜூலையில் பேங்க் நெகாரா 0.25 குறைத்தது. 1.5 விழுக்காடு ஏற வேண்டாமா? அவ்வளவு ஏறவில்லையே!

டீச்சர், பெருக்கலில் தவறில்லை. பேங்க் நெகாரா 3.00இலிருந்து 2.75க்குக் குறைத்தது வங்கிகளுக்கிடையே ஓர் இரவுக்கான விகிதம். உங்கள் நிதியிலுள்ள பத்திரங்களின் ஈட்டு விகிதம் சந்தையில் தீர்மானமாவது. குறைப்பு வரும் என்று சந்தை எதிர்பார்த்திருந்தால், விலை முன்பே ஏறியிருக்கும். அறிவித்த நாளில் ஏற மிச்சம் குறைவு. அந்த 6 ஒரு பெருக்கும் எண்தான், அதோடு எதைப் பெருக்குவது என்பதைச் சந்தையிடமிருந்துதான் எடுக்க வேண்டும். நிதியில் நிறுவனப் பத்திரங்கள் இருந்தால், அரசாங்க விகிதம் இறங்கும் அதே அளவுக்கு அவற்றின் விகிதம் இறங்கும் என்றும் சொல்ல முடியாது. அறிக்கையில் உள்ள 6 மெக்காலேயா, மாடிஃபைடா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் முகவர்: வெளியிட்டவரே ஐந்தாம் ஆண்டில் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய நிரந்தர சுக்கூக் என்ற இஸ்லாமிய முறைப் பத்திரம் இருக்கிறதே, அதற்கும் இந்தச் சூத்திரம்தானா?

அதற்கு இது பொருந்தாது. இந்தக் கணக்கு முழுவதும் தவணைத் தேதிகள் மாறாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அங்கே விகிதம் இறங்கினால் வெளியிட்டவர் திரும்ப வாங்குவார், ஏறினால் விட்டுவைப்பார். தேதியே விகிதத்தோடு சேர்ந்து நகர்கிறது. விகிதத்தைச் சிறிது ஏற்றியும் இறக்கியும், அந்த உரிமையையும் சேர்த்து இரு முறை விலை கணக்கிட்டு, வித்தியாசத்திலிருந்து டியூரேஷனை எடுப்பதே முறை. பலர் ஐந்தாம் ஆண்டில் முதிரும் என்றே வைத்துக்கொண்டு சுருக்கமாக முடிக்கிறார்கள். விகிதம் வேகமாக ஏறும் காலத்தில் அது ஆபத்தை மறைக்கும் என்பது என் கருத்து. டீலர் நண்பர் ஒருவேளை மறுப்பார்.

ஜாலான் அம்பாங் முன்னாள் டீலர்: மறுக்கிறேன். முதல் தேதியில் திரும்ப வாங்காவிட்டால் அடுத்த வெளியீட்டில் முதலீட்டாளர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள். அந்த அச்சத்திலேயே வாங்கிவிடுவார்கள்.

அந்த அச்சம் உண்மைதான். ஆனால் புதிதாகக் கடன் எடுக்கும் செலவு இரண்டு விழுக்காடு ஏறிய பிறகும் அது தாங்குமா என்பதுதான் என் கேள்வி. முகவர் அவர்களே, இரண்டு தேதிகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டு எண்களையும் வாடிக்கையாளரிடம் காட்டுங்கள்.